எட்டரை விநாடி எங்கே போனது?

லண்டனை அடுத்த எப்சம் மைதானத்தில் ஆண்டுதோறும் ‘ஓக்ஸ்’ என்றொரு பந்தயம் நடக்கும். மூன்று வயதுப் பெண் குதிரைகள் மட்டும் ஓடுவது. தூரம் ஒன்றரை மைல், அதாவது 12 பர்லாங், கூடவே சில கஜம். 2020-இல் லவ் என்ற குதிரை இதை 2 நிமிடம் 34.06 விநாடியில் ஓடி, 9 லெங்த் இடைவெளியில் ஜெயித்தது. மறு ஆண்டு ஸ்னோஃபால் ஜெயித்த இடைவெளி 16 லெங்த். ஓக்ஸ் வரலாற்றிலேயே அதுவரை யாரும் அவ்வளவு தூரம் விலகி ஜெயித்ததில்லை. ஆனால் ஸ்னோஃபால் எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 42.67 விநாடி.

கடிகாரத்தை மட்டும் நம்பினால், சாதனை படைத்த இந்தக் குதிரை முந்தைய ஆண்டுக் குதிரையைவிட எட்டரை விநாடிக்கும் மேல் மெதுவானது. விநாடிக்கு 5 லெங்த் என்று வைத்தாலும் 43 லெங்த் பின்தங்கல். அந்த இடைவெளியில் வந்தால் கேமராவின் சட்டத்துக்குள்ளேயே இருந்திருக்காது. இதே ஸ்னோஃபால்தான் அந்த ஆண்டே ஐரிஷ் ஓக்ஸையும் யார்க்‌ஷர் ஓக்ஸையும் வென்றது. அப்படியானால் அந்த எட்டரை விநாடியைத் தின்றது யார்? பெரும் பங்கு மழைதான். மறுநாள் அதே தூரத்தில் நடந்த டெர்பியில் அடாயர் 2 நிமிடம் 36.85 விநாடியில் வந்தது. ஒரே மைதானம், ஒரே தூரம், ஒரு நாள் இடைவெளி, கிட்டத்தட்ட 6 விநாடி வித்தியாசம்.

இந்த மாதிரிக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் வேக ரேட்டிங் என்ற கணக்கு பிறந்தது. ஓடிய நேரத்திலிருந்து தூரம், தரை, முதுகுச் சுமை ஆகிய மூன்றின் பாதிப்பையும் கழித்துவிட்டு, குதிரையின் ஓட்டத்தை ஒரே எண்ணாகச் சொல்வது. பிரிட்டனில் ஃபில் புல் 1940-களிலும், அமெரிக்காவில் பத்திரிகையாளர் ஆண்ட்ரூ பேயர் 1970-களிலும் இதைப் பரவலாக்கினார்கள். பள்ளிக்கூடக் கணக்குத் தெரிந்தால் போதும், ஒரு நோட்டுப் புத்தகத்தில் யாரும் போட்டுப் பார்க்கலாம்.

தூரத்திலிருந்து தொடங்குவோம். ஒரு பர்லாங்குக்கு இத்தனை விநாடி என்று வகுத்துப் பெருக்கிவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். ஆகாது. எப்சமின் 5 பர்லாங் பாதை சரிவில் இறங்குவது. 2012-இல் ஸ்டோன் ஆஃப் ஃபோல்கா அதை 53.69 விநாடியில் கடந்தது. அதே எப்சமின் டெர்பி பாதை முதலில் மேடேறி, பிறகு வளைந்து வளைந்து டாட்டன்ஹாம் முனை வரை இறங்கும். ஆகவே ஒவ்வொரு மைதானத்துக்கும், அங்குள்ள ஒவ்வொரு தூரத்துக்கும் தனித்தனியாக ஓர் அளவுகோல் நேரம் வேண்டும். நல்ல தரையில் ஓடிய, ஓரளவு தரமான பழைய பந்தயங்கள் ஓர் இருபது முப்பதை எடுத்து, வென்ற நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

அடுத்தது தரை. ஆட்டத்தையே புரட்டிப் போடுவது இதுதான். பந்தயத்துக்கு முன் தரையைச் சோதித்து ‘இறுக்கம்’, ‘நல்லது’, ‘இளக்கம்’ என்று பிரிட்டனில் அறிவிப்பார்கள். நம் நாட்டுக் கிளப்புகள் பெனட்ரோமீட்டர் என்ற குத்தூசிக் கருவியை இறக்கி, அது எவ்வளவு ஆழம் போகிறது என்று எண்ணாகவே சொல்வார்கள். ஆனால் காலையில் குத்திப் பார்த்த மண்ணும் மாலை நாலு மணிக்குக் குளம்பு பட்டுப் பெயர்ந்த மண்ணும் ஒன்றல்ல. ரேட்டிங் போடுபவர் அதனால் அறிவிப்பை நம்புவதில்லை. அன்றைக்கு ஓடிய எல்லாப் பந்தயங்களின் கடிகாரத்தையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்.

ஒரு கற்பனை நாளை எடுத்துக்கொள்வோம். ஐந்து பந்தயங்கள். ஒவ்வொன்றிலும் வென்ற நேரம் அளவுகோல் நேரத்தைவிட எவ்வளவு அதிகம் என்று பார்த்து, அதைப் பர்லாங் கணக்கால் வகுக்கிறோம். பர்லாங்குக்கு 0.35, 0.38, 0.40, 0.51, 1.10 விநாடி தாமதம் என்று வருகிறது. சராசரி எடுத்தால் 0.55. அது தப்பு. அந்த 1.10 தரையின் குற்றம் அல்ல. அந்தப் பந்தயத்தில் ஜாக்கிகள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டிவிட்டு, கடைசி இரண்டு பர்லாங்கில் மட்டும் விரட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு பந்தயம் மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும். நடு எண்ணை எடுத்தால் 0.40. அதுதான் அன்றைய தரைக்கழிவு.

இதில் ஒரு பொறி உண்டு. அன்று ஓடியவை எல்லாமே மட்டமான குதிரைகளாக இருந்தால், அவற்றின் மந்தம் தரையின் தலையில் விழும். தரை நல்லதாக இருந்தும் ‘இளக்கம்’ என்று கணக்குச் சொல்லும். பந்தயத்தின் தரத்துக்கேற்ப அளவுகோல் நேரத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்பவர்கள் இதிலிருந்து தப்பிக்கிறார்கள். பாதி நாளில் மழை பிடித்துக்கொண்டால் முன்பாதிக்கு ஒரு கழிவு, பின்பாதிக்கு ஒரு கழிவு என்று பிரிக்க வேண்டும். எப்சம் போல வெள்ளிக்கும் சனிக்கும் தரை மாறும் இடத்தில் இரண்டு நாளையும் ஒன்றாகப் போட்டால் கணக்கு நாறிவிடும்.

மூன்றாவது சுமை. ஹேண்டிகேப் பந்தயங்களில் நல்ல குதிரைக்கு அதிக எடையும் சுமாரானதற்குக் குறைந்த எடையும் கொடுப்பார்கள். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடு செருகுவது வழக்கம். பிரிட்டிஷ் கணக்கர்கள் கையில் வைத்திருக்கும் வாய்பாடு எளிது: 15-ஐப் பர்லாங்கால் வகுத்தால், ஒரு லெங்த்துக்கு எத்தனை பவுண்டு என்று வரும். 5 பர்லாங்கில் 3 பவுண்டு, 6 பர்லாங்கில் இரண்டரை, 12 பர்லாங்கில் ஒன்றேகால்.

தூரம் கூடக்கூடப் பவுண்டு ஏன் குறைகிறது என்பது முதலில் புதிராக இருக்கும். கொஞ்சம் பெருக்கிப் பார்த்தால் விளங்கும். 8 பவுண்டு கூடுதல் சுமை என்றால் சுமார் 3.6 கிலோ. குதிரை, ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்ந்து 550 கிலோ என்றால், இது 0.65 சதவீதம். வாய்பாட்டின்படி 6 பர்லாங்கில் இந்த 8 பவுண்டு 3.2 லெங்த்தைப் பறிக்கும். ஒரு லெங்த் ஏறத்தாழ 2.4 மீட்டர், ஆக 7.7 மீட்டர், அதாவது 1,207 மீட்டர் தூரத்தில் 0.64 சதவீதம். 12 பர்லாங்கில் 6.4 லெங்த் போகும். அதுவும் அந்தத் தூரத்தில் 0.64 சதவீதமே. சுமை எத்தனை பங்கு கூடுகிறதோ, வேகம் அத்தனை பங்கு குறைகிறது என்ற ஊகம்தான் அந்த வாய்பாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. ஊகம் என்றுதான் சொல்ல வேண்டும். பேயர் தன் எண்களில் சுமையைச் சேர்ப்பதே இல்லை. சில பவுண்டுகளுக்காக மெனக்கெடுவது வீண் என்பது அவர் கட்சி.

மூன்றையும் கோத்தால் கிடைப்பது ஒரே வரி. நல்ல தரையில், 9 ஸ்டோன், அதாவது 126 பவுண்டு சுமந்து, அளவுகோல் நேரத்திலேயே வரும் குதிரைக்கு 100 என்று வைத்துக்கொள்கிறோம். இதில் standard என்பது அளவுகோல் நேரம், going என்பது பர்லாங்குக்கான தரைக்கழிவு. 75 என்பது விநாடிக்கு 5 லெங்த்தையும் அந்த 15-ஐயும் பெருக்கியது.

```
rating = 100
       + (standard - time + going * furlongs) * 75 / furlongs
       + (weight - 126)
```

அதே கற்பனை நாளின் 6 பர்லாங் பந்தயம் ஒன்றைப் பார்ப்போம். அளவுகோல் நேரம் 72.0 விநாடி. வென்ற குதிரை 74.1-இல் வந்தது. தரைக்கழிவு 0.40 பெருக்கல் 6, அதாவது 2.4 விநாடி. அதைக் கழித்தால் 71.7; அளவுகோலைவிட 0.3 விநாடி வேகம். 6 பர்லாங்கில் ஒரு விநாடிக்கு 12.5 பவுண்டு என்பதால் 3.75 புள்ளி கூடுகிறது. ஆனால் அது சுமந்தது 118 பவுண்டுதான். 8 புள்ளி போய்விடும். ரேட்டிங் 95.75.

இரண்டாவதாக வந்தது ஒரு லெங்த் பின்னால், 130 பவுண்டு சுமந்து. அந்த ஒரு லெங்த்துக்காக இரண்டரை புள்ளி போகிறது, சுமைக்காக 4 புள்ளி வருகிறது. 105.25. தோற்ற குதிரை ஜெயித்த குதிரையைவிட 9.5 புள்ளி மேல்! அடுத்த முறை இரண்டும் சம எடையில் இதே தூரம் ஓடினால், தோற்றது கிட்டத்தட்ட 4 லெங்த் முன்னால் வரவேண்டும் என்கிறது கணக்கு. பரிசுப் பட்டியலை மட்டும் படிப்பவர் கண்ணில் இது படவே படாது. எண் போடுபவர்கள் தேடுவதும் இதைத்தான்.

தரைக்கழிவே தேவைப்படாத ஓர் ஒப்பீடும் எப்சமில் ஒருமுறை வாய்த்தது. 2020-இல் பெருந்தொற்றால் ஓக்ஸும் டெர்பியும் ஜூலை 4 அன்று ஒரே நாளில் நடந்தன. லவ் 2:34.06, டெர்பியை வென்ற செர்பன்டைன் 2:34.43. இரண்டுக்கும் சுமை 9 ஸ்டோன், தூரம் ஒன்று, மண் ஒன்று. 12 பர்லாங்கில் விநாடிக்கு 6.25 பவுண்டு, ஆக பெண் குதிரை ஆண் குதிரையைவிட 2 புள்ளி சொச்சம் மேல். ஆனால் செர்பன்டைன் ஓடிய விதத்தைப் படத்தில் பார்த்தவர்கள் இந்த 2 புள்ளியோடு நிறுத்த மாட்டார்கள். அது தொடக்கத்திலேயே தனியே பிய்த்துக்கொண்டு முன்னே போனது. மற்ற ஜாக்கிகள் திரும்பி வந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். அது வரவில்லை, ஐந்தரை லெங்த்தில் முடித்தது. பின்னால் வந்த குதிரைகளின் நேரம் அவற்றின் திறமையையா, ஜாக்கிகளின் தப்புக்கணக்கையா காட்டுகிறது என்று சூத்திரத்துக்குத் தெரியாது. மெதுவாகத் தொடங்கிய பந்தயத்தில் எந்தக் குதிரைக்கும் நல்ல எண் வராது. ஆகவே தாழ்ந்த எண்ணைச் சந்தேகத்தோடும் உயர்ந்த எண்ணைக் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கையோடும் பார்ப்பது இத்தொழிலில் பழகிய பழக்கம். தன்னால் முடிந்ததைவிட வேகமாக எந்தக் குதிரையும் ஓடிவிட முடியாது அல்லவா?

கடிகாரமே பிழையாகிவிட்டால் மட்டும் அதுவும் நடக்கும். 1973-இல் அமெரிக்காவின் ப்ரீக்னஸ் பந்தயத்தில் செக்ரடேரியட் ஓடிய ஒன்பதரை பர்லாங்குக்கு மின்கடிகாரம் காட்டியது 1 நிமிடம் 55 விநாடி. கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த பத்திரிகைக்காரர்கள் 1:53-க்குக் கொஞ்சம் மேல் என்றார்கள். அதிகாரபூர்வ நேரம் முதலில் 1:54-க்குச் சற்று மேலாகத் திருத்தப்பட்டது. மேரிலாந்து பந்தய ஆணையம் பழைய படச்சுருள்களை ஆராய்ந்து 1:53 என்று அறிவித்தது 2012-இல்; குதிரை இறந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த 2 விநாடியை மேலே உள்ள வரியில் போட்டால், ஒரே ஓட்டத்துக்கு ஏறத்தாழ 16 புள்ளி வித்தியாசம் வருகிறது.