கடை சாத்திய பிறகு பேசும் பதில்

ஈரோட்டுப் பக்கத்தில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் வீட்டிலேயே செய்து வாட்ஸ்அப்பில் விற்கும் ஒரு சின்னக் கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். நடத்துவது ஒரே ஒரு பெண்மணி. பகலில் யாராவது விலை கேட்டால், "சொல்லுங்கக்கா, அரைக் கிலோ போதுங்களா? காரம் தூக்கலா வேணுங்களா, மட்டா வேணுங்களா?" என்று விசாரிப்பார். பொடியின் ருசிக்காக மட்டும் அல்ல, இந்தப் பேச்சுக்காகவும் அவரிடம் திரும்பத் திரும்ப வாங்குகிறவர்கள் உண்டு.

இரவு 8 மணிக்குக் கடை சாத்துகிறார். பத்து மணிக்கு ஒருவர் ஊறுகாய் கேட்டு எழுதுகிறார். உடனே பதில் போகிறது: "தங்கள் செய்திக்கு நன்றி. தற்போது நாங்கள் தொடர்பில் இல்லை. விரைவில் பதிலளிப்போம்."

பகலில் காரம் கேட்டவர்தான் இதையும் எழுதினார் என்றால் யார் நம்புவார்கள்? வங்கியிலிருந்து வந்த கடிதம் போல இருக்கிறது. ஆனால் நடை மட்டுமே இதன் குறை இல்லை. எப்போது பதில் வரும் என்பதும், அதுவரை என்ன செய்யலாம் என்பதும் இதில் இல்லை. பகலில் அந்தப் பெண்மணியின் பேச்சு இதமாக இருப்பதற்குக் காரணம், வந்தவருக்கு என்ன தேவை என்று அவர் கேட்டுவிடுவதுதான். இரவுப் பதிலிலும் அந்த விசாரிப்பு வந்தால் குரல் தானாக வந்துவிடும்.

2018-இல் வெளியான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இதற்கான வசதி இலவசமாகவே இருக்கிறது. `Business tools` பகுதியில் `Away message` என்று பார்க்கலாம். அது வந்த செய்தியைப் படித்துப் பார்த்துப் பதில் சொல்லாது. விலை கேட்டவருக்கும், பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவருக்கும், ஊறுகாய் பாட்டில் உடைந்து வந்து கோபத்தில் இருப்பவருக்கும் ஒரே வாசகம்தான் போகும். எழுதும்போது முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்.

சில கடைகள் அன்பைக் காட்டுவதற்காக "ஹாய் செல்லம்ஸ்! நாங்க தூங்கப் போயிட்டோம், ஸ்வீட் ட்ரீம்ஸ்!" என்று எழுதி நாலைந்து சிரிப்புப் பொம்மைகளையும் போட்டுவிடுகிறார்கள். எண்ணெய் வழியும் பார்சலைப் படமெடுத்து அனுப்பியவருக்கு இந்தப் பதில் போனால் எப்படி இருக்கும்? அதனால் வாசகத்தை எழுதி முடித்ததும், மூவரில் மிகவும் சங்கடத்தில் இருப்பவரின் இடத்திலிருந்து ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அவரைப் புண்படுத்தாத வாசகம் மற்ற இருவருக்கும் பொருந்தும்.

குரலைப் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியதும் இல்லை. பகலில் எழுதிய பழைய பதில்களை எடுத்துப் படித்தாலே போதும். எப்படி வணக்கம் சொல்கிறோம், "ங்க" எங்கே வருகிறது, வாக்கியம் எவ்வளவு நீளம், பொம்மை போடுகிற பழக்கம் உண்டா என்று தெரிந்துவிடும். பகலில் போடாத பொம்மையை இரவில் போட வேண்டாம்.

அடுத்தது நேரம். "விரைவில்" என்பதை ஒருவர் அரை மணி நேரம் என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் இரண்டு நாள் என்று நினைத்து வேறு கடைக்குப் போய்விடுவார். மணியைச் சொல்லிவிட வேண்டும். அதிலும் கடை திறக்கும் நேரத்தைச் சொல்லக் கூடாது, பதில் போட முடிகிற நேரத்தைச் சொல்ல வேண்டும். நம் பெண்மணி ஒன்பது மணிக்குத் திறந்தாலும், முதல் ஒரு மணி நேரம் கூரியருக்குப் பார்சல் கட்டுவதிலேயே போய்விடும். அதனால் 10:30 என்று எழுதுவதுதான் நேர்மை.

"நாளைக்குக் காலையில்" என்ற சொல்லும் ஏமாற்றும். இரவு பன்னிரண்டரைக்கு எழுதியவருக்கு எது நாளை? சனிக்கிழமை இரவு எழுதியவருக்கு, ஞாயிறு விடுமுறை என்றால் அது பொய்யாகிவிடும். அதே வாசகம் அதிகாலை 6 மணிக்கும் போகும் என்பதால் "இனிய இரவு" என்பதும் ஆகாது. எந்த நேரத்தில் படித்தாலும் பொருந்துவதாக, கிழமையையும் மணியையும் எழுதுவதே சரி.

இதையெல்லாம் வைத்து அந்தக் கடைக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கமுங்க. கடை இப்போ சாத்தியிருக்குங்க. திங்கள் முதல் சனி வரை காலை 10:30-க்குள்ள நானே பார்த்துப் பதில் போடறேன். இது தானாப் போற மெசேஜ். பொடி வேணும்னா என்ன, எவ்வளவு, உங்க பின்கோடு என்னன்னு போட்டு வைங்க, கூரியர் செலவோட சேர்த்து விலை சொல்லிடறேன். பணம் அனுப்பியிருந்தா ஸ்கிரீன்ஷாட் போடுங்க, கணக்கைப் பார்த்துட்டுச் சொல்றேன். பார்சல் உடைஞ்சோ மாறியோ வந்திருந்தா ஒரு போட்டோ போடுங்க, அதைத்தான் முதல்ல பார்ப்பேன்."

நேரம் முதலிலேயே வந்துவிடுகிறது. ஏனென்றால் பூட்டிய போனின் திரையில் செய்தியின் தொடக்கம் மட்டும்தான் தெரியும். தானாகப் போகிற செய்தி என்பதை மறைக்கவில்லை. மறைத்தால், எதிரில் ஆள் இருப்பதாக நினைத்து அவர் அடுத்த கேள்வியைக் கேட்பார், பதில் வராமல் மனம் கசக்கும். பின்கோடு கேட்பதால் காலையில் ஒரே பதிலில் மொத்த விலையையும் சொல்லிவிடலாம். பணம் பற்றிய வரியில் "ஆர்டர் உறுதி" என்று எழுதாததும் காரணத்தோடுதான். பணம் வந்ததா, ஊறுகாய் கையிருப்பில் இருக்கிறதா என்பது எதுவும் இந்த வாசகத்துக்குத் தெரியாது. தெரியாததை அது உறுதி சொல்லக் கூடாது.

வாசகம் நன்றாக அமைந்தும் அமைப்பில் தவறு நேர்வதுண்டு. `Schedule` என்ற இடத்தில் `Always send` என்று விட்டுவிட்டால் பகலிலும் "கடை சாத்தியிருக்குங்க" என்று போகும். `Outside of business hours` என்பதைத் தேர்ந்தெடுத்து, கடையின் சுயவிவரத்தில் கிழமைவாரியாக நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு `Custom schedule` வைத்து வாசகத்தையும் மாற்றிக்கொள்ளலாம். விடுமுறை முடிந்ததும் பழைய அமைப்பையும் வாசகத்தையும் திரும்பக் கொண்டுவர மறந்துவிட்டால், தை பிறந்து பல நாள் ஆன பிறகும் பொங்கல் விடுமுறை என்று எழுதிய பழைய வாசகம் அப்படியே கிடக்கும்.

`Recipients` என்ற இடமும் கவனிக்க வேண்டியது. `Everyone not in address book` என்று வைத்தால், பெயரைச் சேமித்துவைத்திருக்கும் பழைய வாடிக்கையாளர்களுக்குப் பதில் போகவே போகாது. கடையின் குரலை நன்றாக அறிந்தவர்களே அவர்கள்தான். வீட்டுக்கும் கடைக்கும் ஒரே எண் என்றால் `Everyone except...` என்பதில் சொந்தக்காரர்களை மட்டும் விலக்கிவிடலாம்.

எல்லாம் அமைத்த அன்று, கடை சாத்திய பிறகு, வேறொரு போனிலிருந்து ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். விலக்கிவைத்த எண்ணிலிருந்து அனுப்பினால் பதில் வராது, அதனால் தெரிந்த ஒரு வாடிக்கையாளரையே அனுப்பச் சொல்வது நல்லது. கடைப் போனில் இணைய இணைப்பு இருந்தால்தான் இந்தப் பதில் போகும். ஆகவே சார்ஜரில் போட்டு, டேட்டாவை அணைக்காமல் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.