சார்ஜ்பேக் வந்தா எந்த ஆதாரம் கைகொடுக்கும்?

இன்ஸ்டால புடவை, நகைன்னு சின்னதா வியாபாரம் பண்றவங்களுக்கான எபிசோடு இது.

2,850 ரூபாய்க்கு ஒரு புடவை அனுப்பிட்டீங்கன்னு வச்சுக்கலாம். ரெண்டு மாசம் கழிச்சு பேமென்ட் கேட்வேல இருந்து மெயில் வருது: கஸ்டமர் டிஸ்ப்யூட் போட்டிருக்கார். அவர் உங்ககிட்ட ரீஃபண்டே கேட்கல. நேரா தன் கார்டு பேங்க்கிட்ட போயிட்டார், அவங்க பணத்தைத் திரும்பக் கேட்கிறாங்க. இதுதான் சார்ஜ்பேக். பொருள் வரலைங்கிற புகாருக்கு விசா கார்டுல பொதுவா 120 நாள் வரைக்கும் டைம் இருக்கு. அதனால ரெண்டு மாசம் கழிச்சு வர்றதுல ஆச்சரியம் இல்ல.

மெயில்ல முதல்ல ரீசன் கோடைப் பாருங்க. விசால 13.1னா பொருள் வந்து சேரல. 10.4னா "இதை நான் வாங்கவே இல்ல". நிறைய பேர் சறுக்குறது இங்கதான். 13.1 வந்திருக்கும், இவங்க "ஓடிபி போட்டுத்தானே வாங்கினார்"னு ஆதாரம் அனுப்புவாங்க. ஓடிபி, 10.4க்கு நல்ல பலம். ஆனா 13.1ல வாங்கினாரா இல்லையாங்கிறது கேள்வியே இல்ல. பொருள் கைக்குப் போச்சாங்கிறதுதான் கேள்வி.

அப்போ என்ன அனுப்பணும்? முகவரியோட ஆர்டர் விவரம், பில், கூரியர் ஏடபிள்யூபி நம்பர், டெலிவரி ஆன தேதி, வாங்கினவர் கையெழுத்து இருக்கிற டெலிவரி ரசீது. இது எல்லாத்துலயும் பேரும் முகவரியும் ஒத்துப்போகணும்.

நம்ம புடவைக் கதையில சிக்கல் அங்கதான். ஆர்டர்ல இருக்கிறது வேளச்சேரி வீடு. அப்புறம் கஸ்டமர் வாட்ஸ்அப்ல "கிண்டி ஆபீஸுக்கு அனுப்பிடுங்க"ன்னார், நீங்களும் அனுப்பிட்டீங்க. ஃபைலைப் பார்க்கிறவருக்குத் தெரியறது, வேற எங்கேயோ போன ஒரு பார்சல்! அந்த வாட்ஸ்அப் சாட் இல்லன்னா கேஸ் நிக்காது. அவர் நம்பரும் தேதியும் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஆர்டர் நம்பர் போட்ட ஃபோல்டர்ல அன்னைக்கே வச்சிடுங்க. டிராக்கிங் பேஜையும் டெலிவரி ஆன அன்னைக்கே பிடிஎஃப்பா சேமிங்க. மாசங்கள் கழிச்சுத் தேடினா கூரியர் சைட்ல பழைய விவரம் இல்லாமப் போகலாம்.

"படத்துல இருந்த மாதிரி இல்ல"ங்கிற புகார்னா, அதாவது 13.3னா, கதை வேற. அங்க டெலிவரி ரசீது உதவாது. அன்னைக்கு நீங்க போட்ட படம், துணி விவரம், வாங்கும்போது அவர் பார்த்த ரிட்டர்ன் விதி, இதெல்லாம் வேணும். பேக்கிங் வீடியோ இருந்தா அதுல இருந்து ரெண்டு படம் போதும்.

பதில் தர்ற கடைசித் தேதி மெயில்லயே இருக்கும். அதைத் தாண்டினா ஆதாரம் எவ்வளவு இருந்தாலும் தோல்விதான். இன்னொண்ணு, டிஸ்ப்யூட் ஓடும்போது பாவம்னு நீங்களா தனியா ஜிபேல பணம் அனுப்பிடாதீங்க. பேங்க்கும் எடுத்துக்கும், ரெண்டு தடவை போகும். திருப்பித் தர்றதுதான் நியாயம்னு பட்டா, கேட்வேலயே டிஸ்ப்யூட்டை ஒத்துக்கோங்க.