ஒரே கிரியேட்டினின், இரண்டு எண்கள்

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள, அன்று நோயாளியின் கையில் ஒரு பெரிய கேனைக் கொடுப்பார்கள். காலையில் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, அதிலிருந்து மறுநாள் அதே நேரம் வரை போகும் அத்தனையையும் அதில் பிடித்து வைக்க வேண்டும். நடு இரவில் தூக்கக் கலக்கத்தில் ஒரு தடவை கழிவறைக்குப் போய்விட்டு வந்தால் போதும், கணக்கு குறைந்துவிடும்.

இந்தத் தொல்லைக்கு 1976-ல் கனடாவில் காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். 140-லிருந்து வயதைக் கழி. வந்ததை எடையால் பெருக்கு. கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி அதனால் வகு. பெண் என்றால் 0.85-ஆல் பெருக்கு. கிரியேட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்று விடை வரும். 249 பேரை வைத்துப் போட்ட கணக்கு இது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பேப்பரும் பேனாவும் போதும் என்பதால் மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். புது மருந்துகளைச் சோதித்தவர்களும் இதை வைத்தே சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு டோஸைக் குறைத்தார்கள்.

இன்று கேனும் இல்லை, பேனாவும் இல்லை. லேப் ரிப்போர்ட்டில் கிரியேட்டினினுக்குக் கீழேயே eGFR என்று ஒரு எண் அச்சாகி வருகிறது. பெரும்பாலும் அது சிகேடி-எபி சமன்பாட்டின் விடை. 2009-ல் வந்தது; அதிலிருந்த இனம் என்ற கணக்கை 2021-ல் நீக்கிவிட்டார்கள். வயது, பாலினம், கிரியேட்டினின் மூன்றும் போதும், எடை கேட்காது. எல்லோருடைய உடலும் 1.73 சதுர மீட்டர் பரப்புள்ளது என்று வைத்துக்கொண்டு விடை சொல்லும். நோயின் நிலையைப் பிரிக்க இதுதான் சரி. சின்ன உடம்புக்குச் சின்னச் சிறுநீரகம் இருப்பது நோயல்ல. ஆளையும் ஆளையும் ஒப்பிட வேண்டுமானால் உடல் அளவைச் சமன் செய்தே ஆக வேண்டும். ஆனால் மருந்து போய்ச் சேர்வது அந்தச் சராசரி உடம்புக்குள் அல்ல, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் உடம்புக்குள்.

ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். வயது 80, எடை 42 கிலோ, உயரம் 148 செ.மீ., கிரியேட்டினின் 1.0. பல லேப்களில் இது நார்மல்தான். 2021 சமன்பாட்டின்படி அவருடைய eGFR 57. மூன்று மாதத்துக்கு மேல் இப்படியே இருந்தால் 3ஏ நிலை, அதாவது 45 முதல் 59 வரை. சிறுநீரில் ஆல்புமின் போகிறதா என்று பார்த்து, கவனமாகத் தொடர்ந்தால் போதும்.

அவருக்கு இதயத்துடிப்பு சீராக இல்லை. ரத்தம் உறையாமலிருக்க ரிவராக்சாபன் எழுத வேண்டும். இதற்கு வழக்கமான டோஸ் தினம் 20 மில்லிகிராம்; கிரியேட்டினின் கிளியரன்ஸ் 50-க்குக் கீழே போனால் 15. ரிப்போர்ட்டில் உள்ள 57-ஐப் பார்த்தால் 20 என்றுதான் கை எழுதும். பழைய கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 60-ஐ 42-ஆல் பெருக்கி 72-ஆல் வகுத்தால் 35, அதில் 0.85 பங்கு ஏறக்குறைய 30. அவருக்கு வேண்டியது 15 மில்லிகிராம். கூடுதலாகப் போகும் 5 மில்லிகிராம் ரத்தக்கசிவாக வந்து நிற்கலாம்.

இடைவெளியில் பாதி உடல் அளவால் வருவது. பாட்டியின் உடல் பரப்பு 1.31 சதுர மீட்டர்தான். 57-ஐ அதற்குத் தக்கபடி மாற்றினால் 43 ஆகிறது. மீதி, வயதானவர்களிடம் காக்ராஃப்ட்-கால்ட் சற்றுக் கடுமையாகவே குறைப்பதால். அப்படியானால் அது தப்பான எண்ணா? இருக்கலாம். ஆனால் இந்த மருந்தின் டோஸ் எல்லையை வகுத்தது அந்த அளவுகோலால்தான். ஒரு டேப்பால் அளந்து வெட்டிய துணியை வேறு டேப்பால் அளந்து தைக்க முடியாது. அதே எண்ணை நோயின் நிலைக்குப் பயன்படுத்தினால் எதிர்த் தவறு நடக்கும்: 29.75 என்பதால் பாட்டியை 4-ம் நிலையில் நிறுத்தி, வீட்டையே கலங்கடித்துவிடுவோம்.

இந்தப் பிரிவினையும் மாறிக்கொண்டிருக்கிறது. 2024-ல் வந்த கேடிகோ வழிகாட்டி, பெரும்பாலானவர்களுக்கு டோஸ் முடிவுசெய்யவும் eGFR போதும் என்கிறது. உடல் மிகச் சிறிதாகவோ மிகப் பெரிதாகவோ இருந்தால் உடல் பரப்புக்கு மாற்றிய எண்ணை எடுக்கச் சொல்கிறது. ஆனாலும் மருந்தின் குறிப்பில் கிரியேட்டினின் கிளியரன்ஸ் என்று எழுதியிருக்கும்வரை, அதுவும் குறுகிய பாதுகாப்பு எல்லை உள்ள மருந்தென்றால், காக்ராஃப்ட்-கால்டையே போடுங்கள் என்பேன். கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும் திடீர்ப் பாதிப்பில் இரண்டையுமே நம்பக் கூடாது.

வீட்டுப் பெரியவரை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது ரிப்போர்ட்டோடு அவருடைய இன்றைய எடையையும் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் அது இருக்காது.