இரண்டு கிலோ கேக்கில் கேக் எவ்வளவு?

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு யானை பொம்மை வைத்த தீம் கேக், இரண்டு கிலோ, இருபது பேர் சாப்பிட வேண்டும். இரண்டு கடைகளில் விலை கேட்டால் ஒரு கடை ரூ.2,600 என்கிறது, இன்னொன்று ரூ.3,500 என்கிறது. பெரும்பாலோர் முதல் கடைக்குத்தான் முன்பணம் கொடுப்பார்கள். ஆனால் இரண்டு கடைகளும் 'இரண்டு கிலோ' என்று சொல்வது ஒரே பொருளை அல்ல.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். முதல் கடையில் கிலோ ரூ.1,100, யானைக்குத் தனியாக ரூ.400, டெலிவரி இலவசம். இரண்டாவது கடையில் கிலோ ரூ.1,250, ஃபாண்டன்ட் வேலைக்கும் யானைக்கும் சேர்த்து ரூ.800, டெலிவரி ரூ.200. இனி இரண்டு கடைக்காரர்களிடமும் ஒரே கேள்வி: "அந்த இரண்டு கிலோவில் ஃபாண்டன்டும் பொம்மையும் சேர்த்தியா?"

ஃபாண்டன்ட் என்பது சப்பாத்தி மாவு போலத் தேய்த்து கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரைப் பசை. பார்க்க வழவழப்பாக இருக்கும், எடையும் கூடுதல். இந்த அளவு கேக்கைப் போர்த்த அரை கிலோ வரை ஆகலாம். யானை இருநூறு கிராம் என்றால், முதல் கடைக்காரர் "எல்லாம் சேர்த்துத்தான்" என்று சொல்லும்போது கிரீமும் கேக்குமாக மிஞ்சுவது 1.3 கிலோ. ஆளுக்கு நூறு கிராம் துண்டு போட்டால் பதின்மூன்று பேருக்குத்தான் வரும். ஃபாண்டன்டைப் பெரும்பாலும் உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள். இரண்டாவது கடைக்காரர் "போர்த்துவதற்கு முன்பே இரண்டு கிலோ" என்கிறார் என்றால், அங்கே இருபது துண்டு நிச்சயம். மொத்தத் தொகையைச் சாப்பிடும் கேக்கின் எடையால் வகுத்துப் பாருங்கள். முதல் கடையில் கிலோவுக்கு ரூ.2,000, இரண்டாவதில் ரூ.1,750. மலிவாகத் தெரிந்த கடைதான் விலை அதிகம். அட்டைப் பலகையையும் எடையில் சேர்க்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். பெரிய பலகை ஒன்றே இருநூறு கிராமைத் தொடும்.

அடுத்தது வடிவமைப்புக் கூலி. சில கடைகளில் இதைத் தனியாகச் சொல்லாமல், "ஃபாண்டன்ட் கேக் கிலோ ரூ.1,600" என்று கிலோ விலைக்குள்ளேயே கரைத்துவிடுவார்கள். யானை செய்ய ஆகும் நேரம் கேக் இரண்டு கிலோவானாலும் நான்கு கிலோவானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கிலோ கணக்கில் கொடுத்தால், ஆட்கள் கூடக்கூட அதே யானைக்குத் திரும்பத் திரும்பக் கூலி கொடுக்கிறோம். விருந்தினர் நாற்பது பேர் என்றால் இரண்டு கிலோவை மட்டும் தீம் கேக்காகச் சொல்லிவிட்டு, மீதியை அதே சுவையில் அலங்காரம் இல்லாத கேக்காகத் தனிப் பெட்டியில் வாங்குவதுதான் சரி என்பேன். வெட்டிப் பரிமாறும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது. யானை சாப்பிடக்கூடியதா, பிளாஸ்டிக் பொம்மையா, அச்சிட்ட காகித டாப்பரா என்பதையும் எழுதி வாங்குங்கள். மூன்றையும் 'யானை தீம்' என்றுதான் சொல்வார்கள், கூலியோ வெவ்வேறு.

பொருள்களில் விலையை மாற்றுபவை முக்கியமாக இரண்டு. ஒன்று சாக்லேட்: காம்பவுண்ட் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும், அதனால் விலை குறைவு. மற்றது கிரீம். நம் ஊர் பேக்கரிகளில் பெரும்பாலும் பயன்படுவது பாலில் எடுத்த கிரீம் அல்ல, தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீம். சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் வழவழப்பாக ஒட்டி நிற்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். "ஃபிரெஷ் கிரீம்" என்று பலகையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதற்காகப் பால் கிரீம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் கூடாது. மே மாதத்தில் ஏசி இல்லாத மண்டபத்தில் அது சீக்கிரம் இளகிச் சரிந்துவிடும். அங்கே தாவரக் கிரீமே நிற்கும். பால் கிரீமுக்கான விலையைக் கொடுத்துத் தாவரக் கிரீமை வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். வரி சேர்த்த விலையா என்பதையும் கேளுங்கள். கேக்குக்கு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்.

டெலிவரி இலவசம் என்றால் எதில் வருகிறது என்று பாருங்கள். ஒரு கிலோ கேக் பைக்கில் வந்துவிடும். பொம்மை நிற்கும் இரண்டு கிலோ கேக்குக்குக் கார்தான் பாதுகாப்பு. முதல் கடையின் இலவசம் பைக் என்றால், இரண்டாவது கடையின் இருநூறு ரூபாய் நியாயமான செலவு. வழியில் யானை சாய்ந்தால் யார் சரிசெய்வது, எத்தனை மணிக்குள் வரும் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். வந்ததும் கொண்டுவந்தவர் கிளம்பும் முன்பே பெட்டியைத் திறந்து பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.