எக்ஸ்ஆர் கவர் 11-க்கு ஏறாது

ஐபோன் எக்ஸ்ஆர் 2018-இல் வந்தது. ஐபோன் 11 அடுத்த ஆண்டு. இரண்டுக்கும் உயரம் 150.9 மில்லிமீட்டர், அகலம் 75.7, தடிமன் 8.3. அளவு ஒன்றுதானே என்று கடைக்காரர் பட்டியலில் ‘இரண்டுக்கும் பொருந்தும்’ என ஒரே வரியில் எழுதிவிடுவார். திரையில் ஒட்டும் டெம்பர் கிளாஸுக்கு அந்த வரி சரி. பின்கவருக்குத் தவறு.

எக்ஸ்ஆரின் முதுகில் ஒரே கேமரா. 11-இல் இரண்டு கேமராக்கள் சதுரமான மேட்டில் இருக்கின்றன. எக்ஸ்ஆர் கவரின் சின்னத் துளைக்குள் அந்த மேடு நுழையாது. ஆனால் 11-இன் கவரை எக்ஸ்ஆருக்குப் போட்டால் ஏறிவிடும். கேமராவைச் சுற்றிப் பெரிய சதுரம் திறந்து கிடக்கும், அவ்வளவுதான். ஆகவே பட்டியலில் கிளாஸுக்கு ஒரு பத்தி, கவருக்கு ஒரு பத்தி தனித்தனியாக வேண்டும். கவர் பத்தியில் ‘எந்த போனின் கவர், எந்த போனுக்கு’ என்று திசையையும் குறிக்க வேண்டும். பல பட்டியல்கள் சறுக்குவது இந்தத் திசையில்தான்.

அடுத்த சிக்கல் பெயர். 2021-இல் இந்தியாவில் விற்ற ரெட்மி நோட் 10 ப்ரோவின் தடிமன் 8.1 மில்லிமீட்டர். அதே ஆண்டு சீனாவில் அதே பெயரில் வந்தது வேறொரு போன், தடிமன் 8.9. பிற நாடுகளில் அதையே போகோ எக்ஸ்3 ஜிடி என்று விற்றார்கள். பெயரை மட்டும் நம்பி இணையத்தில் கவர் வாங்கியவருக்கு எது வந்து சேரும்? அதனால் ஒவ்வொரு வரியும் மாடல் எண்ணில் தொடங்கட்டும். விற்பனைப் பெயர் பக்கத்தில் இருக்கட்டும். ஆண்ட்ராய்டில் Settings-இன் About phone பகுதியில் அந்த எண் இருக்கும். ஐபோனில் Settings, General, About என்று போய் Model Number-ஐ ஒருமுறை தொட்டால் A-யில் தொடங்கும் எண் தெரியும்.

பொருந்துகிறது என்று எழுதுமுன் மாட்டிப் பார்த்தே ஆக வேண்டும். கவரைப் போட்டபின் எல்லாப் பொத்தான்களையும் அழுத்துங்கள், சார்ஜர் முழுதாக உள்ளே போகிறதா பாருங்கள். பிறகு இருட்டறையில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். படம் வெண்புகை படிந்தாற்போல் வந்தால், கவரின் விளிம்பு ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கேமராவுக்குள் திருப்புகிறது என்று பொருள். கண்ணுக்குக் கச்சிதமாகத் தெரிந்த கவர்கூட இதில் மாட்டிக்கொள்ளும். கிளாஸ் என்றால் ஒருவரை அழைத்து போனைக் காதில் வையுங்கள். திரை அணையாவிட்டால் சென்சார் மறைந்திருக்கிறது.

கட்டத்தில் எழுத நான்கு சொற்கள் போதும்: சரி, இடைவெளியுடன் ஏறும், ஏறாது, பார்க்கவில்லை. கடைசிச் சொல்லைத் தயங்காமல் எழுதுங்கள். கட்டம் காலியாக இருந்தால் ஒருவர் ‘ஏறாது’ என்று படிப்பார், இன்னொருவர் ‘ஏறலாம்’ என்று எடுத்துக்கொண்டு காசு கொடுத்துவிடுவார்.