ஒரு நியான் அணுவுக்கு ஒன்பதாயிரம் அறைகள்

ருடால்ஃப் கிளாசியஸ் 1865-இல் என்ட்ரோபிக்குப் பெயர் வைத்தபோது அதில் ஒரு குறை இருந்தது. ஒரு பொருளுக்குக் கொடுத்த வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் என்ட்ரோபி எவ்வளவு கூடியது என்று தெரியும். மொத்தம் எவ்வளவு என்பது தெரியாது. வரவு செலவு எல்லாம் இருந்தும் தொடக்க இருப்பு எழுதப்படாத கணக்குப் புத்தகம் போல.

போல்ட்ஸ்மன் வேறு வழி காட்டினார். அணுக்கள் எத்தனை விதமாக அமைந்திருக்க முடியும் என்று எண்ணுங்கள். அந்த எண்ணின் மடக்கைதான் என்ட்ரோபி என்றார். ஆனால் எப்படி எண்ணுவது? அணு எங்கும் இருக்கலாம், எந்த வேகத்திலும் போகலாம். எண்ண வேண்டுமானால் முதலில் கட்டம் போட வேண்டும். கட்டத்தைச் சிறிதாக்கினால் விடை பெருகிவிடும். சரியான கட்டம் எது?

1912-ஐ ஒட்டி, ஜெர்மனியில் ஓட்டோ சாக்கூரும் நெதர்லாந்தில் ஹ்யூகோ டெட்ரோடும் தனித்தனியாக ஒரே பதிலுக்கு வந்தார்கள். கட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது பிளாங்க் மாறிலி h. டெட்ரோடுக்கு அப்போது வயது 17.

இன்று இதைச் சுலபமாகச் சொல்லலாம். ஒவ்வொரு வெப்பநிலையிலும் அணுவுக்கு ஓர் அலைநீளம் (λ) உண்டு. அந்த நீளத்தைப் பக்கமாகக் கொண்ட கனசதுரம் ஓர் அறை. ஓர் அணுவின் பங்குக்கு வரும் இடத்தில் (v) எத்தனை அறைகள் அடங்கும் என்பதே கேள்வி. இரண்டு அணுக்களை இடம் மாற்றினாலும் அது புதிய அமைப்பு ஆகாது, ஏனென்றால் ஒரு நியான் அணுவை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய வழியில்லை. அதற்கான கழிவைச் செய்யாவிட்டால் இரண்டு லிட்டர் வாயுவின் என்ட்ரோபி ஒரு லிட்டரைப் போல இரு மடங்காக வராது, கணக்கே குழம்பிவிடும். எல்லாம் சேர்ந்து, ஒரு மோலுக்கு:

```
S = R [ ln(v/λ³) + 5/2 ]
λ = h / √(2πmkT)
v = kT / p
```

நியானை எடுத்துக்கொள்வோம். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அது 27.2 கெல்வினில், அதாவது ஏறக்குறைய மைனஸ் 246 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அந்த நிலையிலுள்ள வாயுவில் ஓர் அணுவின் பங்குக்கு 15.5 ஆங்ஸ்ட்ராம் பக்கமுள்ள கனசதுரம் கிடைக்கிறது. அலைநீளமோ 0.745 ஆங்ஸ்ட்ராம்தான். ஆக, ஓர் அணுவுக்குச் சுமார் 8,960 அறைகள். அதன் மடக்கை 9.10, இரண்டரையைக் கூட்டி, R-இன் மதிப்பான 8.314-ஆல் பெருக்கினால் 96.45. அலகு, ஒரு மோலுக்கு ஒரு கெல்வினுக்கு ஜூல்.

இதைச் சரிபார்க்க, அறைகளைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர் போதும். திட நியானைத் தனிச்சுழிக்கு அருகிலிருந்து மெல்லச் சூடாக்கி, உள்ளே போன வெப்பத்தை அளக்கிறார். உருகுநிலை வரை 14.29. உருகும்போது 13.64. திரவம் கொதிநிலையை எட்டும்வரை 3.85. ஆவியாகும்போது 64.62. கூட்டினால் 96.40. ஒருபக்கம் ஹீட்டரும் வெப்பமானியும், மறுபக்கம் h. இரண்டும் ஐந்நூறில் ஒரு பங்குகூடப் பிசகாமல் ஒத்துப்போகின்றன. சாக்கூரும் டெட்ரோடும் தங்கள் காலத்தில் இதே சோதனையைப் பாதரச ஆவியின் அழுத்த அளவீடுகளை வைத்துச் செய்தார்கள்.

மற்றதெல்லாம் அறையின் அளவிலிருந்தே வருகிறது. அழுத்தத்தை இரட்டித்தால் அணுவின் இடம் பாதியாகி, என்ட்ரோபி 5.76 குறையும். அழுத்தத்தை மாற்றாமல் வெப்பநிலையை இரட்டித்தால் இடமும் பெருகும், அறையும் சுருங்கும்; அதனால் 14.4 கூடும். நிறைதான் பலரைக் குழப்புவது. கனத்த அணு மெதுவாகத்தானே போகிறது, அதற்கு ஏன் அதிக என்ட்ரோபி? வேகம் குறைந்தாலும், அதே ஆற்றலில் அதன் உந்தம் அதிகம். உந்தம் கூடினால் அலைநீளம் குறைந்து அறை சிறிதாகிறது. 25 டிகிரி செல்சியஸில், ஒரு பார் அழுத்தத்தில் ஹீலியத்துக்கு 126.15; ஐந்து மடங்கு கனமான நியானுக்கு 146.33, செனானுக்கு 169.69.

வெப்பநிலையை இறக்கிக்கொண்டே போனால் சூத்திரம் கைவிடும். அறை பெரிதாகி அணுவின் பங்கையே நிரப்பும்போது இந்த எண்ணும் முறை செல்லாது. அதையும் மீறிப் போட்டால் என்ட்ரோபி எதிர்மறையாகி, கடைசியில் கழித்தல் முடிவிலியை நோக்கி ஓடும். நியான் அதற்கு வெகுமுன்பே திரவமாகிவிடுவதால் நமக்குச் சிக்கலில்லை.

இன்னொரு எல்லை அணுவுக்குள்ளேயே இருக்கிறது. நியானுக்கு அடுத்த தனிமமான சோடியத்தின் ஆவிக்கு இதே சூத்திரம், அதே 25 டிகிரிக்கும் ஒரு பாருக்கும், 147.96 தருகிறது. அட்டவணைகளிலோ 153.7 என்று இருக்கும். சோடியத்தின் வெளிச்சுற்றில் தனியாக நிற்கும் எலெக்ட்ரானின் சுழற்சி இரண்டு விதமாக அமையலாம். அதனால் ஒவ்வோர் அறையும் இரண்டாகிறது, என்ட்ரோபியில் R ln 2, அதாவது 5.76, கூடுகிறது.