விளிம்பில் நின்றால் குதிக்காத வீரன்

ஓடித் தாண்டும் கணினி விளையாட்டுகளில் அடிக்கடி வரும் புகார் இது: பாறையின் விளிம்பில் நிற்கும்போது குதிக்கும் பொத்தானை அழுத்தினால் சில சமயம் ஒன்றுமே நடப்பதில்லை. இந்தச் 'சில சமயம்' நிரலாளரைப் பாடாய்ப் படுத்தும். நிரலை வரிவரியாகப் படித்தாலும் குறை தென்படாது. நிரலை நடுவில் நிறுத்திப் பார்க்கலாம் என்றால், நிறுத்தும்போதே ஓட்டத்தின் வேகமும் விரல் அழுத்திய கணமும் கலைந்துவிடுகின்றன. ஆட்டம் ஓடும்போதே அதன் உள்ளே பார்க்க வழி வேண்டும்.

அதற்கான முதல் கருவி கன்சோல், அதாவது ஆட்டத்தின் மேலேயே திறக்கும் கட்டளைப் பெட்டி. 1996இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட 'குவேக்' விளையாட்டில் ஒரு விசையைத் தட்டினால் அது மேலிருந்து இறங்கும். அங்கே இப்படித் தட்டச்சு செய்தால், வழக்கமாக 800 ஆக இருக்கும் ஈர்ப்பு விசை அந்த நொடியே பாதியாகும்:

```
sv_gravity 400
```

உள்ளே நடப்பது எளிமையானது. ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பெயர் பதிவாகியிருக்கும்; தட்டச்சு செய்த பெயரைக் கன்சோல் அந்தப் பட்டியலில் தேடி மதிப்பை மாற்றும். ஆட்டத்தை மறுபடி தொகுக்க வேண்டியதில்லை. வேகத்தைப் பத்தில் ஒரு பங்காக்கும் கட்டளை ஒன்றையும் சேர்த்துவிட்டால், ஒரு தாவலை ஆற அமரப் பார்க்கலாம்.

ஆனால் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு விளிம்புச் சிக்கலைப் பிடிப்பது கடினம். கண்ணால் பார்க்க வேண்டும். வீரன் தரையில் நிற்கிறானா என்று அறிய, அவன் உடலின் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஒரு கற்பனைக் கோட்டை நிரல் செலுத்துகிறது. அது தரையைத் தொட்டால்தான் குதிக்க அனுமதி. அந்தக் கோட்டைத் திரையில் வரையச் சொல்ல வேண்டும்: தொட்டால் பச்சை, தொடாவிட்டால் சிவப்பு. பொத்தான் அழுத்தப்பட்ட இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி.

இங்கே பலரும் சறுக்குகிறார்கள். யூனிட்டியின் `Debug.DrawLine` கட்டளைக்கு நேர அளவு கொடுக்காவிட்டால் கோடு ஒரே ஒரு சட்டகத்துக்குத்தான் நிற்கும். நொடிக்கு 60 சட்டகம் ஓடும் ஆட்டத்தில் அது கண்ணில் படுவதே அரிது. இரண்டு நொடி நிற்கச் சொன்னால் வீரன் கடந்த பாதை முழுக்கக் கோடுகள் வேலிபோல் நிற்கும். இன்னொன்று, வரைவதற்கென்று கோட்டைத் தனியாகக் கணக்கிடக் கூடாது. சோதனை பயன்படுத்திய அதே தொடக்கப் புள்ளியையும் நீளத்தையும்தான் வரைய வேண்டும்; இல்லையேல் படம் பொய் சொல்லும்.

இப்போது விளிம்புக்கு ஓடிப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகிறது. பச்சைக் கோடுகள் பாறையின் ஓரம்வரை வந்து, பிறகு சிவப்பாகின்றன. மஞ்சள் புள்ளி சிவப்புக்கு நடுவே விழுந்திருக்கிறது. வீரனின் மோதல் பெட்டி 60 செ.மீ. அகலம் என்றால், அவன் நடுப்பகுதி விளிம்பை 5 செ.மீ. தாண்டிய பிறகும் பெட்டியின் பின்பாதியில் பெரும்பகுதி பாறைமேல்தான் இருக்கிறது. கண்ணுக்கு நிற்கிறான். நிரலின் கணக்கிலோ காற்றில் மிதக்கிறான்.

திருத்தம்: மெல்லிய கோட்டுக்குப் பதிலாக முழுப் பெட்டியையே சற்றுக் கீழே தள்ளிச் சோதிப்பது. ஆனால் அந்தப் பெட்டி உடலின் அதே அகலத்தில் இருந்தால், பக்கத்துச் சுவரை உரசி அதையும் தரை என்று எண்ணிவிடலாம். ஆகவே ஓரிரு சென்டிமீட்டர் குறைத்து, அந்த அளவைக் கன்சோல் மாறியாக வைத்துக்கொண்டு, சுவரோரம் ஓடிக்கொண்டே சரிசெய்வது நல்லது. விற்பனைக்குப் போகும் பதிப்பில் இந்தக் கோடுகள் தொகுக்கப்படாமல் விலக்கப்பட வேண்டும். ஈர்ப்பை மாற்றுவது போன்ற கட்டளைகளைப் பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் சர்வரின் அனுமதியோடு மட்டுமே திறக்க வேண்டும்.